பத்து நிமிடத்தில் நழுவும் அந்தரம்

சிவகாசியில் அச்சாகும் தினசரி காலண்டரின் ஒவ்வொரு தாளிலும் அன்றைய நட்சத்திரம் முடியும் நேரம் இருக்கும். திசை, புத்தி, அந்தரம் என்று நாம் கேட்கும் கணக்கெல்லாம் அந்தச் சிறிய வரியில்தான் தொடங்குகிறது. எந்த வாரத்தில் காரியம் கைகூடும் என்று கேட்டு வருகிறவர்கள் அந்த வரியைத்தான் கவனிப்பதில்லை.

நம்பிக்கை: அந்தரம் என்றால் சில வாரங்கள்தான்.

உண்மை: திசை ஆண்டையும் புத்திக்குரிய ஆண்டையும் அந்தரத்துக்குரிய ஆண்டையும் பெருக்கி 14,400-ஆல் வகுத்தால் அந்தரத்தின் நீளம் ஆண்டுக்கணக்கில் வரும். ராகு திசை, குரு புத்தியில் சூரிய அந்தரம் ஏறத்தாழ 44 நாள். அதே புத்தியில் சுக்கிர அந்தரம் 146 நாள், ஐந்து மாதத்துக்குச் சற்றே குறைவு. ஆகவே அந்தரம் தெரிந்துவிட்டாலே வாரம் தெரிந்துவிடாது.

நம்பிக்கை: கம்ப்யூட்டர் போட்டுத் தந்த தேதி துல்லியமானது.

உண்மை: கம்ப்யூட்டர் வகுத்தல் பிழை செய்யாது. ஆனால் நாம் கொடுத்த பிறந்த நேரத்தை அது அப்படியே நம்பிவிடும். திருத்தங்கலில் பிறந்த, 35 வயது அச்சகத் தொழிலாளி ஒருவரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். சொந்தமாக ஆப்செட் எந்திரம் வாங்கக் கடன் எப்போது கிடைக்கும் என்பது அவர் கேள்வி. நட்சத்திரம் பூரம். அன்று பூரம் மொத்தம் 24 மணி 20 நிமிடம் இருந்தது. அதில் 14 மணி 36 நிமிடம் கழிந்த பின் பிறந்தார் என்று வைப்போம். மீதி ஐந்தில் இரண்டு பங்கு. பூரத்துக்குரிய சுக்கிர திசை 20 ஆண்டு என்பதால், பிறக்கும்போது இருப்பு 8 ஆண்டு. அங்கிருந்து எண்ணி வந்தால் இப்போது ராகு திசை, குரு புத்தி. சூரிய அந்தரம் செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 14 வரை வருகிறது.

இதை இன்னும் சுருக்க, அந்தர நாதனின் நட்சத்திரத்தில் கோச்சார சூரியன் நடக்கும் நாட்களைப் பார்ப்பது ஒரு வழி. சூரியன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க 13, 14 நாள் ஆகும். சூரியனுக்குரிய உத்திரத்தில் அவர் நடப்பது ஆவணிக் கடைசியிலிருந்து புரட்டாசி முதல் பத்து நாள் வரை. 44 நாள் இரண்டு வாரமாகச் சுருங்கிவிட்டது.

ஆனால் அந்தத் தொழிலாளி பிறந்த நேரத்தை அவர் தாயார் எப்படிச் சொல்கிறார்? "காலைச் சங்கு ஊதி, கொஞ்ச நேரம் கழிச்சு." அந்தக் கொஞ்ச நேரம் பத்து நிமிடம் கூடிவிட்டால் திசை இருப்பு 50 நாள் குறையும். அந்தரம் ஜூலை 13-க்கே தொடங்கி ஆகஸ்ட் 25-இல் முடிந்துவிடும்; உத்திரம் அதற்குள் வராது. நாம் கண்டுபிடித்த இரண்டு வாரம் முழுதாகப் பொய்த்துவிடும்.

இந்த நழுவல் நடப்புத் திசையைப் பொறுத்ததல்ல, ஜென்ம நட்சத்திரத்தைப் பொறுத்தது. பரணி, பூரம், பூராடத்தில் பிறந்தவர்க்கு ஒரு நிமிடத்துக்கு ஐந்து நாள். கார்த்திகை, உத்திரம், உத்திராடத்தில் பிறந்தவர்க்கு ஒன்றரை நாள். வாரக் கணக்கில் பலன் சொல்ல யாருக்கு இடமிருக்கிறது, யாருக்கு இல்லை என்பது இங்கேயே தெரிந்துவிடும். அயனாம்சமும் இப்படித்தான். லாகிரிக்கும் கிருஷ்ணமூர்த்தி முறைக்கும் உள்ள வேறுபாடு சுமார் ஆறு கலைதான். பூரத்தில் பிறந்தவருக்கு அது 55 நாள் அளவுக்குத் தேதியைத் தள்ளும். வாக்கியத்தில் ஜாதகம் கணித்துத் திருக்கணிதத்தில் அந்தரம் பார்ப்பது வீண் வேலை.

நம்பிக்கை: நடந்த சம்பவங்களை வைத்து நேரத்தைத் திருத்திவிடலாம்.

உண்மை: திருத்தலாம், ஒரு நிபந்தனையோடு. ஒன்பது கிரகத்தில் ஏதோ ஒன்று எந்தச் சம்பவத்துக்கும் பொருந்திவிடும். எனவே திருமணத்துக்கு எந்தக் கிரகம், வேலைக்கு எந்தக் கிரகம் என்பதை முதலில் எழுதி வையுங்கள். இரண்டு சம்பவத்தால் நேரத்தைத் திருத்துங்கள். மூன்றாவதை அதுவரை தொடாமல் வைத்திருந்து சோதித்துப் பாருங்கள். அது பொருந்தவில்லை என்றால் மாதக் கணக்கோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. இத்தனையும் சாஸ்திர விதிக்குள் நிற்கும் கணக்கு. சொன்ன வாரத்தில் நடந்தே தீரும் என்பதற்கு அறிவியல் சான்று கிடையாது.

நம்பிக்கை: அந்தரம் நன்றாயிருந்தால் பட்டாசு ஆலையில் ஆபத்து வராது.

இதுதான் என்னை எழுத வைத்தது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் ஒரே பகலில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரே அந்தரம் நடந்திருக்குமா? மருந்துக் கலவையின் உராய்வுக்கும், ஷெட்டில் அளவுக்கு மீறி ஆள் உட்காருவதற்கும், வெயிலில் மருந்து காய்வதற்கும் யார் ஜாதகமும் தெரியாது. மருந்து அறைக்குப் போகலாமா என்று ஜோதிடரைக் கேட்காதீர்கள், அவரும் சொல்லாதிருக்கட்டும். அறையில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.