எந்த ‘அது’? மின்னஞ்சலில் சுட்டுப்பெயர்கள்

‘அது’ என்னும் இரண்டெழுத்துச் சொல்லால் 38 மாணவர்கள் இரண்டு மணி நேரம் பள்ளி வாசலில் காத்து நின்றார்கள். அந்தச் சொல்லை எழுதியவன் நான்தான். ஆகவே இந்தப் பாடத்தை என் பிழையிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் எங்கள் தமிழ்ப் பேரவையின் செயலாளராக இருந்தபோது, ஆண்டு விழாவுக்கு ஒரு தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி மாணவர்களை அழைத்திருந்தோம். விழாவுக்கு மூன்று நாள் இருக்கையில், போக்குவரத்தையும் விருந்தினரையும் கவனித்துவந்த இளைய மாணவி ஒருவருக்கு இந்த மின்னஞ்சலை அனுப்பினேன்:

“மண்டபம் மாலை 6 மணிக்குப் பிறகுதான் கிடைக்கும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். இதனால் பேருந்துக்கு 80 வெள்ளி கூடுதலாகக் கேட்கிறார்கள். அது சரியாக 5 மணிக்குப் பள்ளி வாசலில் நிற்க வேண்டும். நாடகத்திற்கும் நேரம் போதாது. அதை ரத்து செய்துவிடுங்கள். இதை மற்றவர்களுக்கும் தெரிவித்துவிடுங்கள்.”

நான் ரத்து செய்யச் சொன்னது நாடகத்தை. அவர் ரத்து செய்தது பேருந்தை. பள்ளிக்கு நேர மாற்றத்தை மட்டும் தெரிவித்தார். பேருந்து இல்லையென்றால் பள்ளியே வேன் ஏற்பாடு செய்துகொள்ளும் என்று நினைத்துவிட்டார். விழா நாளன்று நாடகக் குழுவினர் ஒப்பனையோடு மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள். மாணவர்களோ வரவே இல்லை. “அண்ணா, நீங்கள்தானே அதை ரத்து செய்யச் சொன்னீர்கள்?” என்று அந்தத் தங்கை கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

அவர் ஏன் அப்படிப் புரிந்துகொண்டார்? இலக்கணப்படி அவர்மேல் குற்றமில்லை. தமிழில் மனிதரைச் சுட்ட அவன், அவள், அவர் என்று தனித்தனிச் சொற்கள் உள்ளன. அஃறிணையில் ஒருமைக்கு ‘அது’ ஒன்றுதான். மண்டபம், பேருந்து, நாடகம், 80 வெள்ளி எல்லாமே ‘அது’. வினையைக் கொண்டு சலித்துப் பார்த்தாலும் மண்டபம், பேருந்து, நாடகம் ஆகிய மூன்றையுமே ரத்து செய்யலாம். என் மடலில் இரண்டு வாக்கியங்கள் பேருந்தைப் பற்றியே பேசின. செலவு கூடியதையும் சொன்னேன். மேலும், அவர் பொறுப்பில் இருந்தது பேருந்து. படிப்பவர் பெரும்பாலும் தம் கையில் இருக்கும் வேலையோடுதான் ‘அதை’ப் பொருத்திப் பார்ப்பார். எழுதியவன் மனத்தில் கடைசியாக நின்ற பொருள் அவருக்குத் தெரியாது.

நேரில் பேசியிருந்தால் இந்தக் குழப்பம் நேர்ந்திருக்காது. கையால் காட்டியிருப்பேன்; அவர் முகம் சுளித்ததைக் கண்டு “நாடகத்தைச் சொல்கிறேன்” என்றிருப்பேன். அண்மைக்கு ‘இ’, சேய்மைக்கு ‘அ’ என்று படிக்கிறோம். மின்னஞ்சலில் அருகும் தொலைவும் ஏது? ‘இது’ என்றால் இப்போது சொன்ன செய்தியா, இந்த மடலா, இதனோடு வரும் இணைப்பா என்று படிப்பவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

இப்போது முக்கியமான மடலை அனுப்புமுன் நான் செய்வது இதுதான். அது, இது, அதை, இதனால், அப்படி போன்ற சுட்டுச்சொற்களை எல்லாம் அடிக்கோடிடுகிறேன். ஒவ்வொன்றின் முன்னும் ‘எது?’ என்று கேட்டு, முந்தைய வாக்கியங்களில் அந்த வினைக்குப் பொருந்தும் பொருள்களை எண்ணுகிறேன். ஒன்றே பொருந்தினால் சுட்டுப்பெயரைத் தொடுவதில்லை. இரண்டோ அதற்கு மேலோ பொருந்தினால் அதை எடுத்துவிட்டுப் பெயரையே எழுதுகிறேன். எந்த ஒரு பெயரையும் சுட்டாமல் முழுச் செய்தியையும் சுட்டினால், அந்தச் செய்திக்கு ஒரு பெயர் வைக்கிறேன். ‘இதை’ என்பது ‘இந்த நேர மாற்றத்தை’ என்றாகும். இலக்கணத்தில் சொன்னால், அகச்சுட்டை விட்டுவிட்டு ‘இந்த’ என்னும் சுட்டுத்திரிபோடு ஒரு பெயரைச் சேர்க்கிறோம்.

என் பழைய மடலை இப்படிச் சோதிப்போம். ‘இதனால்’ என்பதற்கு முன் ஒரே செய்திதான் இருக்கிறது, அது நிற்கலாம். ‘அது பள்ளி வாசலில் நிற்க வேண்டும்’ என்பதில் மண்டபமும் 80 வெள்ளியும் வாசலுக்கு வர முடியாது. பேருந்து மட்டுமே பொருந்துகிறது. அதுவும் நிற்கலாம். ‘அதை ரத்து செய்துவிடுங்கள்’ என்பதற்கு மூன்று பொருள்கள் பொருந்துகின்றன. மாற்றியே ஆக வேண்டும். ‘இதை’ என்பதில் நேர மாற்றம், கட்டண உயர்வு, ரத்து ஆகிய மூன்று செய்திகள் ஒரே மூட்டையாகக் கிடக்கின்றன. யாருக்கு எதைச் சொல்வது என்று பிரித்தெழுத வேண்டும்.

திருத்திய மடல் இது:

“மண்டபம் மாலை 6 மணிக்குப் பிறகுதான் கிடைக்கும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். இதனால் பேருந்துக்கு 80 வெள்ளி கூடுதலாகக் கேட்கிறார்கள்; கொடுத்துவிடலாம். அது சரியாக 5 மணிக்குப் பள்ளி வாசலில் நிற்க வேண்டும். நாடகத்திற்கு நேரம் போதாது. நாடகத்தை மட்டும் ரத்து செய்துவிடுங்கள். நேர மாற்றத்தைப் பள்ளிக்கும், நாடகம் இல்லை என்பதை நாடகக் குழுவுக்கும் தெரிவித்துவிடுங்கள்.”

‘கொடுத்துவிடலாம்’ என்ற சொல் பழைய மடலில் இல்லை. திருத்தும்போதுதான், அந்த 80 வெள்ளியைக் கொடுப்பதா வேண்டாமா என்று நான் சொல்லவே இல்லை என்பது புலப்பட்டது. என் சுட்டுப்பெயர் தெளிவில்லாமல் போனதற்குப் பின்னால் ஒரு முடிவும் விடுபட்டிருந்தது.

இன்னும் மூன்றை நினைவில் வைப்பது நல்லது. முதலாவது, பேச்சில் பல பொருள்களையும் ‘அது’ என்றே சொல்லிவிடுகிறோம். எழுத்தில் பன்மைக்கு ‘அவை’, ‘அவற்றை’ என்று எழுதினாலே குழப்பம் பாதி குறையும். “அழைப்பிதழ்களும் பதாகையும் வந்துவிட்டன, அவற்றை அனுப்பிவிடுங்கள்” என்றால் இரண்டையும் அனுப்ப வேண்டும் என்பது தெளிவு.

இரண்டாவது, தமிழில் செயப்படுபொருளைச் சொல்லாமலே வாக்கியத்தை முடிக்கலாம். “ரத்து செய்துவிடுங்கள்” என்று மட்டும் எழுதினால் அடிக்கோடிட அங்கே சுட்டுப்பெயரே இராது. ஆனால் குழப்பம் அப்படியே இருக்கும். ஆகவே ஏவல் வினைகளையும் ‘எதை?’ என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, பதில் மடலில் “அது சரி, அப்படியே செய்யுங்கள்” என்று எழுதுகிறோம். அந்த ‘அது’ கீழே உள்ள பழைய மடலில் இருக்கிறது. கைப்பேசியில் படிப்பவர் கண்ணுக்கு அது மறைந்திருக்கும். அந்த மடலில் இரண்டு கேள்விகள் இருந்தால் எதற்குச் சம்மதம் என்று யாருக்குத் தெரியும்? “பதாகையின் அளவு சரி” என்று எழுத இன்னும் சில விநாடிகளே ஆகும்.

எல்லாச் சுட்டுப்பெயரையும் நீக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘பேருந்து, பேருந்து’ என்று எழுதினால் மடல் வழக்குமன்ற ஆவணம்போல் ஆகிவிடும். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில், இயற்பெயரும் சுட்டுப்பெயரும் ஒருங்கே வந்தால் இயற்பெயர் முன்னும் சுட்டுப்பெயர் பின்னும் வரவேண்டும் என்கிறார். ஆளின் பெயருக்குச் சொன்ன அந்த வரிசை நம் மடலுக்கும் உதவும். ஆனால் பெயர் முன்னே வந்துவிட்டால் மட்டும் போதாது. இடையில் வேறொரு பெயர் புகுந்ததும் பழைய பெயரை மறுபடி எழுத வேண்டும். என் மடலில் மண்டபம், பேருந்து, நாடகம் எல்லாம் முன்னே வந்தன. ‘அதை’ மட்டும் எதன் பின்னே வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

விழா முடிந்த மறுவாரம் அந்தப் பள்ளிக்குச் சென்று ஆசிரியரிடமும் மாணவர்களிடமும் மன்னிப்புக் கேட்டேன். போகுமுன் பேருந்து ஏற்பாட்டுக்காக எழுதிய மடலில் ‘அதை’ என்ற சொல் ஒரு முறைகூட வரவில்லை.