காதுக்கம்பியில் இருக்கும் கணக்கு

திண்டுக்கல்லில் கண்ணாடிக் கடையில் நின்று பிரேம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. வருகிறவர்கள் முகம் பார்க்கும் கண்ணாடியில் அழகு பார்ப்பார்கள், அடுத்து விலை கேட்பார்கள். காதுக்கம்பியின் உள்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் எண்களைப் படிப்பவர் அபூர்வம். மூன்றே எண்கள்தான். 54□16 140 என்பது போல இருக்கும். சில மெட்டல் பிரேம்களில் மூக்குப் பாலத்தின் பின்பக்கம் அச்சடித்திருப்பார்கள்.

முதல் எண் ஒரு பக்க லென்ஸின் அகலம். நடுவில் உள்ள கட்டம், லென்ஸைச் சுற்றி ஒரு செவ்வகப் பெட்டி வரைந்து அதன் அகலத்தை அளந்திருக்கிறார்கள் என்பதற்கான குறி. இரண்டாவது எண், இரண்டு லென்ஸுக்கும் நடுவில் உள்ள மிகக் குறுகிய இடைவெளி. அதைத்தான் பிரிட்ஜ் என்கிறோம். மூன்றாவது, காதுக்கம்பியின் நீளம். எல்லாமே மில்லிமீட்டர்.

முதல் எண்ணை மட்டும் பார்த்து 'இது பெரிய சைஸ், இது சின்ன சைஸ்' என்று சொல்வது கடைக்காரர்களுக்கும் வழக்கம். பவர் ஒன்று, ஒன்றரைக்குள் இருந்தால் அதனால் பெரிய கெடுதல் வராது. மைனஸ் நான்கு, ஐந்து என்று போகிறவர்களுக்கு முதல் எண்ணையும் இரண்டாவது எண்ணையும் கூட்டியாக வேண்டும். அந்தக் கூட்டுத்தொகைதான் ஒரு லென்ஸின் நடுவிலிருந்து மற்ற லென்ஸின் நடுவரை உள்ள தூரம். அதை உங்கள் இரு கருவிழிகளுக்கு இடையே உள்ள தூரத்தோடு ஒப்பிட வேண்டும். அந்தத் தூரத்தைக் கடையில் பி.டி. என்போம்.

சிறுமலை புதூரிலிருந்து ஒரு கல்லூரிப் பெண் அப்பாவோடு வந்திருந்தது. மலையில் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு இறங்கி பஸ்ஸில் தினமும் டவுனுக்குப் படிக்க வருகிற பெண். இரண்டு கண்ணிலும் மைனஸ் ஐந்து. வேறொரு ஊரில் வாங்கிய பெரிய சதுர பிரேம், 54□16. "கண்ணாடி போட்டா தலைவலிக்குது, ஓரமெல்லாம் தடியா இருக்கு" என்று சொன்னது. அப்பா வாழை, மிளகு போட்டிருக்கிறவர். "அண்ணே, பவர் தப்பாப் போட்டுட்டாங்களா?" என்று கேட்டார்.

பவர் சரியாகவே இருந்தது. பெண்ணின் பி.டி. 60. பிரேமின் கூட்டுத்தொகை 54, 16 சேர்த்து 70. பத்து மி.மீ. அதிகம். லென்ஸின் பார்வை மையம் கருவிழிக்கு நேராக வர வேண்டுமானால், ஒவ்வொரு பக்கமும் மையத்தை மூக்குப் பக்கமாக 5 மி.மீ. தள்ளி வெட்ட வேண்டும். வெட்டாத லென்ஸ் வட்டமாகத்தான் வரும். சாதாரணமாக 65 மி.மீ. வட்டம். அந்த பிரேமின் மூலைக்கு மூலை அளவு சுமார் 58. அதோடு இரண்டு பக்கத் தள்ளலுக்கு 10, ஓரம் தேய்க்க 2 சேர்த்தால் 70 மி.மீ. வட்டம் வேண்டும். 65-ல் அது முடியாது. வெட்டியவர் பெரிய லென்ஸ் வரவழைக்காமல், எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி வெட்டிவிட்டார். லென்ஸோமீட்டரில் வைத்துப் பார்த்தேன். மையத்துக்கு மையம் 65 இருந்தது.

கண்ணுக்கு 2.5 மி.மீ. விலகல்தானே என்று தோன்றும். விலகலைச் சென்டிமீட்டரில் எழுதிப் பவரால் பெருக்கினால் 0.25 × 5 = 1.25. அவ்வளவு பிரிசம் ஒவ்வொரு கண்ணிலும் சேர்ந்துவிடுகிறது. இரண்டு கண்ணும் சேர்ந்து 2.5. மைனஸ் லென்ஸில் மையங்கள் இப்படி அகன்று போனால், தூரத்தில் பார்க்கும்போது கண்கள் சற்று வெளிப்பக்கம் திரும்பினால்தான் பிம்பம் ஒன்றாகும். அந்த வேலை கண்ணுக்குப் பழக்கமில்லாதது. தலைவலிக்கு அதுவே போதும். பவர் மைனஸ் ஒன்று என்றால் இதே விலகலுக்கு கால் பிரிசம்தான், யாருக்கும் தெரியாது.

தடிமனும் இதே கணக்கில்தான் வருகிறது. மைனஸ் லென்ஸ் மையத்தில் மெல்லியது. மையத்தை விட்டு விலக விலகத் தடிக்கும். அந்த பிரேமில் மையத்தைச் சரியாகவே வைத்திருந்தாலும், காதுப்பக்க ஓரம் மையத்திலிருந்து 32 மி.மீ. தூரத்தில் இருக்கும். சாதாரண பிளாஸ்டிக் லென்ஸில் அந்த ஓரம் ஏறக்குறைய 7 மி.மீ. வந்துவிடும். 46□18 எடுத்துக் காட்டினேன். கூட்டினால் 64. தள்ள வேண்டியது கண்ணுக்கு 2 மி.மீ. மட்டும். ஓரம் மையத்திலிருந்து 25 மி.மீ.; தடிமன் 5 சொச்சம். 65 வட்டமே தாராளமாகப் போதும். "சின்னதா இருக்கே" என்று பெண் முகத்தைச் சுளித்தது, பிறகு எடுத்துக்கொண்டது. விலையுயர்ந்த மெல்லிய லென்ஸ் கேட்பதற்கு முன்னால் சின்ன பிரேம் கேளுங்கள் என்பதை நான் யாரிடமும் சொல்லத் தயங்குவதில்லை. முதலாளிக்குத்தான் பிடிக்காது.

எண் அழிந்துபோன பழைய பிரேமென்றால் ஸ்கேல் போதும். இடது லென்ஸின் இடது ஓரத்திலிருந்து வலது லென்ஸின் இடது ஓரம்வரை அளந்தால், கூட்டுத்தொகை நேராகவே கிடைத்துவிடும். லென்ஸ் பள்ளத்துக்குள் அரை மி.மீ. போல மறைந்திருப்பதால் அகலத்தைத் தனியாக அளந்தால் பிசகும். இப்படி அளந்தால் இரண்டு பக்கப் பிசகும் கழிந்துவிடும். பி.டி. அளக்கவும் ஒரு வழி சொல்கிறேன். நம் கண்ணில் பாப்பாவும் கருவிழியும் ஒரே கறுப்பாகத் தெரிவதால் நடுப்புள்ளியைத் தேடாதீர்கள். ஒரு கருவிழியின் வெளி ஓரத்திலிருந்து மற்றதன் உள் ஓரம்வரை அளந்தால் அதே தூரம்தான். எதிரில் உட்கார்ந்து அளப்பவர், அளவின் இரண்டு முனையையும் ஒரே கண்ணால் படிக்கக் கூடாது. வலக்கண்ணை மூடி இடக்கண்ணால் ஒரு முனை, இடக்கண்ணை மூடி வலக்கண்ணால் மறுமுனை. அளக்கப்படுபவரும் திறந்திருக்கும் அந்தக் கண்ணையே பார்க்க வேண்டும்.

பிரிட்ஜ் எண்ணை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். அது லென்ஸ்களுக்கு இடையே உள்ள இடைவெளி, மூக்கில் உட்காரும் இடத்தின் அகலம் அல்ல. 18 என்று போட்ட இரண்டு பிளாஸ்டிக் பிரேமில் ஒன்று மூக்கைக் கடிக்கும், ஒன்று வழுக்கும். மூக்கு பேடு வைத்த மெட்டல் பிரேமில் பேடை விரித்தோ குறுக்கியோ சரிசெய்யலாம். பிளாஸ்டிக்கில் போட்டுப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு வேறு பிரச்சினை. குனிந்து வாழைத்தார் வெட்டி குதிரை மேல் பாரம் ஏற்றும்போதெல்லாம் கண்ணாடி நழுவுகிறது. "இன்னும் நீளமான கம்பி குடுங்கண்ணே" என்றார். கம்பியில் 145 இருந்தது. அந்த எண் கீலின் திருகிலிருந்து வளைவையும் சேர்த்து நுனிவரை உள்ள முழு நீளம். வளைவு எங்கே தொடங்குகிறது என்று அது சொல்லாது. அவருக்கு வளைவு காதைத் தாண்டிப் பின்னால் விழுந்திருந்தது. காது மேல் பிடிப்பே இல்லை. சூடுகாட்டி வளைவைக் காது உச்சிக்கு நேராகக் கொண்டுவந்ததும் நின்றது. கம்பி பக்கவாட்டில் வில்லாக விரிந்து பொட்டில் அழுத்தினால், அது கம்பி நீளக் குறை அல்ல. பிரேமின் முன்பக்கம் முகத்துக்குக் குறுகல் என்று அர்த்தம். அந்த மொத்த அகலத்தை இந்த மூன்று எண்களும் காட்டுவதில்லை.

லென்ஸின் உயரமும் இதில் இருக்காது. தூரமும் கிட்டமும் ஒரே லென்ஸில் கோடில்லாமல் வரும் புரொகிரசிவ் போடுகிறவர்கள் அதைத் தனியாக அளக்கச் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியிலோ கண் முகாமிலோ பவர் எழுதித் தரும்போது பி.டி.யையும் சீட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். பல சீட்டுகளில் அந்த இடம் காலியாகவே வருகிறது.