உறவுக்குள் கடன்: புரோநோட்டும் பேங்க் ஆதாரமும் ஒன்றையே சொல்லட்டும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் சித்தப்பா மகன், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு 60,000 ரூபாய் கேட்கிறான். திருவள்ளூரில் இருக்கும் நீங்கள் கொடுக்கச் சம்மதித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள். கடன் 20,000 ரூபாயைத் தொட்டாலே ரொக்கமாக வாங்கக் கூடாது என்கிறது வருமான வரிச் சட்டம். மீறினால் வாங்கியவருக்குத்தான் அபராதம், அதுவும் கடன் தொகை அளவுக்கு. தம்பி பெயரிலுள்ள கணக்குக்கே அனுப்புங்கள். குறிப்புப் பகுதியில் LOAN என்று போட்டு, வரும் யுடிஆர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கையோடு புரோநோட்டும் எழுதிவிடுங்கள். கடையில் விற்கும் அச்சடித்த தாளில் பெரும்பாலும் 'ரொக்கமாக வாங்கிக்கொண்டது' என்றே இருக்கும். அதை அப்படியே விட்டால் நோட்டு ஒன்று சொல்லும், பாஸ்புக் இன்னொன்று சொல்லும். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது இதைத்தான். வெள்ளைத்தாளில் இப்படி எழுதினாலே போதும்:

'10.6.2025 அன்று என் வங்கிக் கணக்கில் (யுடிஆர் எண் ……) தங்களிடம் கடனாகப் பெற்ற ரூ.60,000-ஐ (அறுபதாயிரம் மட்டும்), மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியுடன், தாங்கள் கேட்கும்போது தங்களுக்கோ தங்கள் உத்தரவு பெற்றவருக்கோ செலுத்துகிறேன்.'

மேலே தேதி, ஊர், இருவர் பெயர், தகப்பனார் பெயர், முகவரி வேண்டும். 'சீட்டு எடுத்ததும் தருகிறேன்', 'பிஎஃப் வந்ததும் தருகிறேன்' என்று சேர்க்க விடாதீர்கள். நிபந்தனை நுழைந்தால் அது புரோநோட்டே அல்ல. சாட்சி கட்டாயமில்லை, இருந்தால் நல்லது. ஆனால் 'உத்தரவு பெற்றவருக்கோ' என்பதை விட்டுவிட்டுச் சாட்சிக் கையெழுத்து வாங்கினால், அந்தத் தாள் பத்திரமாகிவிடும். முத்திரைத் தீர்வை கூடும்.

ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் குறுக்கே தம்பி கையெழுத்துப் போட வேண்டும். ஸ்டாம்ப் இல்லாத நோட்டைக் கோர்ட் சாட்சியமாக ஏற்காது; பிறகு அபராதம் கட்டியும் சரிசெய்ய முடியாது.

உறவுக்குள் கடன் கைவிட்டுப் போவது பெரும்பாலும் காலக்கெடுவில்தான். கேட்கும்போது தரும் நோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்தே மூன்று வருடம் ஓடத் தொடங்கிவிடும். நீங்கள் கேட்ட நாளிலிருந்து அல்ல. இந்த நோட்டுக்கு 2028 ஜூன் 10 வரைதான். 'தம்பிதானே, கல்யாணம் முடியட்டும்' என்று பொறுத்தவர்கள் இங்கேதான் இழக்கிறார்கள். 2027 மார்ச்சில் அவன் 15,000 அனுப்பினால், பேங்க் பதிவோடு நிறுத்தாதீர்கள். 'இன்று அசலில் ரூ.15,000 செலுத்தினேன்' என்று நோட்டின் பின்புறம் அவன் கையாலேயே எழுதி, தேதியுடன் கையெழுத்திடட்டும். கெடுவுக்குள் இப்படி எழுதி வாங்கினால், அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம் கிடைக்கும்.

போன் ஸ்கிரீன்ஷாட்டை நம்பியிருக்காதீர்கள். பாஸ்புக்கில் பதிவுபோட்டு, அந்த மாத ஸ்டேட்மென்டை பேங்க் முத்திரையுடன் வாங்கி, நோட்டோடு சேர்த்து வையுங்கள். திருப்பித் தருவதும் பேங்க் வழியாகவே இருக்கட்டும். முழுத்தொகையும் வந்ததும், நோட்டின் குறுக்கே 'முழுதும் பெற்றுக்கொண்டேன்' என்று நீங்கள் எழுதிக் கையெழுத்திட்டு, ஒரு நகல் வைத்துக்கொண்டு, அசலைத் தம்பியிடம் கொடுத்துவிடுங்கள்.