ஆறு வீட்டு செல்ஃபி, ஒரே குழுப்படம்

வீட்டிலிருந்தே வேலை செய்யும் குழுவுக்கு ஒரு குழுப்படம் வேண்டும். ஆளுக்கொரு செல்ஃபி வாங்கி, வெட்டி, ஒரே பின்னணியில் ஒட்டிப் பார்த்தால் ஒருவர் தலை பூசணி அளவில் இருக்கும், பக்கத்தில் இருப்பவர் பள்ளிப் பிள்ளைபோல் தெரிவார். இதைக் கணினியில் இழுத்துச் சுருக்கிச் சரிசெய்ய முயல்வதில்தான் பாதி நேரம் வீணாகிறது. அளவைப் படம் எடுக்கும்போதே பிடித்துவிட வேண்டும். அதற்கு வேண்டியது ஒரு வெள்ளை ஏ4 தாள்.

கை நீட்டி எடுத்த செல்ஃபி ஏன் ஒட்டாது

கை நீளத்தில், அதாவது சுமார் 50 செ.மீ. தூரத்தில் எடுத்த படத்தில் கேமராவுக்கு மூக்கு அருகிலும் காது அதைவிட 12 செ.மீ. அளவு பின்னாலும் இருக்கும். அதனால் காதோடு ஒப்பிட மூக்கு ஏறக்குறைய 24 சதவீதம் பெரிதாகப் பதிவாகிறது. ஐந்தடி தள்ளி நின்றால் இந்த வித்தியாசம் 8 சதவீதமாகக் குறைந்துவிடும். பெரிதாகிப்போன மூக்கைப் பிறகு எந்தச் சுருக்கலாலும் சரிசெய்ய முடியாது, முகம் முழுவதும்தான் சேர்ந்து சுருங்கும். ஆறு பேரும் ஒரே தூரத்தில் நின்றால்தான் ஆறு முகங்களும் ஒரே கேமராவுக்கு முன் நின்றவைபோல் தெரியும்.

குழுவுக்கு அனுப்ப வேண்டிய குறிப்பு

கீழே உள்ளதை அப்படியே குழுவில் போடலாம்.

1. போனை அலமாரியிலோ புத்தக அடுக்கின் மேலோ உங்கள் கண் உயரத்தில் செங்குத்தாக நிறுத்துங்கள். முடிந்தால் பின்பக்க கேமரா, பத்து விநாடி டைமர்.
2. போனிலிருந்து ஐந்தடி தள்ளி நில்லுங்கள். தலைக்கு மேல் இடம் விட்டு, தொடை வரை தெரியட்டும். ஜூம் வேண்டாம்.
3. வெளிர் நிறச் சுவருக்கு முன், சுவரிலிருந்து இரண்டடி முன்னே வாருங்கள். ஜன்னல் உங்கள் வலக்கைப் பக்கம் முன்னால் இருக்கட்டும். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள்.
4. போர்ட்ரெய்ட் மோடு, பியூட்டி ஃபில்டர் இரண்டும் வேண்டாம்.
5. முதல் படத்தில் ஏ4 தாளை நெஞ்சோடு ஒட்டி நிமிர்த்திப் பிடியுங்கள். அதே இடத்தில் நின்று தாள் இல்லாமல் நான்கைந்து படம் எடுங்கள்.
6. வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். உங்கள் உயரத்தையும் எழுதுங்கள்.

போர்ட்ரெய்ட் மோடு வேண்டாம் என்பதற்குக் காரணம், அது பின்னணியை மங்கலாக்கும்போது முடியின் ஓரத்தையும் சேர்த்து அழித்துவிடும். ‘டாக்குமென்ட்’ என்பதற்குக் காரணம், சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி விவரம் போய்விடும்.

தாள் சொல்லும் கணக்கு

ஏ4 தாளின் நீளம் எங்கும் 29.7 செ.மீ. முகமோ ஆளுக்கு ஆள் மாறும். முகங்களை ஒரே அளவுக்குக் கொண்டுவந்தால் சிறிய முகக்காரரின் தோள் அகன்றுபோகும். எனவே தாளைத்தான் அளக்க வேண்டும்.

சென்னை, கோவை, மதுரை, சேலம், நெல்லை, பெங்களூரு என்று ஆறு ஊரில் இருக்கும் ஒரு குழுவை வைத்துக்கொள்வோம். இறுதிப் படம் 3600 × 1600 பிக்சல். ஒரு செ.மீ.க்கு 15 பிக்சல் என்று வைத்தால் ஒருவரின் தோள் அகலம் சுமார் 675 பிக்சல் வரும். தோள்கள் ஒன்றன்மேல் ஒன்று 150 பிக்சல் ஏறி நின்றால் ஆறு பேரும் ஒரே வரிசையில் 3300 பிக்சலுக்குள் அடங்கிவிடுவார்கள். இந்த அளவில் தாளின் நீளம் 445 பிக்சல் இருக்க வேண்டும்.

```
சதவீதம் = 445 ÷ படத்தில் தாளின் நீளம் × 100
```

சென்னைக்காரர் படத்தில் தாள் 564 பிக்சல். அவரை 79 சதவீதத்துக்குச் சுருக்க வேண்டும். மதுரைக்காரர் கொஞ்சம் கிட்டத்தில் நின்றுவிட்டார், தாள் 712 பிக்சல். அவருக்கு 62.5 சதவீதம். நெல்லைக்காரர் லேப்டாப் கேமராவில் எடுத்திருக்கிறார், தாள் 268 பிக்சல்தான். அவரை 166 சதவீதம் பெரிதாக்க வேண்டிவரும், ஆறு பேரில் அவர் மட்டும் மங்கித் தெரிவார். விடை 100-ஐத் தாண்டினால் தயங்காமல் வேறு படம் கேளுங்கள்.

தாள் சாய்ந்திருந்தால் கணக்கு தவறும். நீளத்தை அகலத்தால் வகுத்துப் பாருங்கள், 1.41 வந்தால் நேராகப் பிடித்திருக்கிறார்.

உயரமும் பின்னணியும்

உயரத்துக்கும் அதே 15 பிக்சல்தான். 170 செ.மீ. உயரமுள்ளவரின் கண்ணை மேலிருந்து 550-வது பிக்சலில் வையுங்கள். 158 செ.மீ. உயரமுள்ளவர் 12 செ.மீ. குட்டை, அவர் கண் 180 பிக்சல் கீழே வரும். 176 செ.மீ. உள்ளவர் 90 பிக்சல் மேலே. எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்தினால் குழுவே போலியாகத் தெரியும்.

பின்னணி அலுவலகச் சுவரானால், அதையும் நின்ற நிலையில் கண் உயரத்திலிருந்து எடுக்க வேண்டும். பின்னோக்கிப் போகும் மேசை விளிம்பையும் கூரை விளிம்பையும் மனதில் நீட்டிப் பாருங்கள். அவை சந்திக்கும் இடம் 550-வது பிக்சலின் அருகே இருந்தால் ஆட்கள் அந்த அறையில் நிற்பார்கள், மிகக் கீழே இருந்தால் மிதப்பார்கள். வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரும் வெளிர் சுவராகத் தேர்ந்தெடுங்கள். வீட்டுச் சுவரும் வெளிராக இருப்பதால் முடியோரத்தில் வெள்ளைக் கோடு தெரியாது.

வெட்டி, ஒட்டி, நிறம் சேர்ப்பது

இலவசமான GIMP போதும், பிரவுசரிலேயே ஓடும் Photopea-வும் போதும். பின்னணியை அழிக்காமல் மாஸ்க் போட்டு மறையுங்கள், தப்பினாலும் மீட்கலாம். ஓரத்தை ஒரு பிக்சல் உள்ளே சுருக்குங்கள்.

நிறத்துக்கும் தாள்தான் துணை. GIMP-இன் Levels-இல் வெள்ளைப்புள்ளி எடுக்கும் குழாயால் தாளைத் தொட்டால் மஞ்சள், நீலச் சாயல் நீங்கும். வந்த அளவைச் சேமித்து, தாள் இல்லாத படத்துக்கும் போடுங்கள். யாருடைய தோள் முன்னால் வருகிறதோ, அதன் பின்னால் இருப்பவர்மேல் ஒரு புது லேயரில் மெல்லிய கறுப்பு நிழல் வரைந்து, மங்கலாக்கி, Multiply முறையில் 20 சதவீதத்தில் வையுங்கள். இந்த நிழல் இல்லாவிட்டால் ஒட்டியது உடனே தெரியும்.

ஒருவருக்கு மட்டும் வெளிச்சம் வலப்பக்கம் வந்திருந்தால் படத்தைத் திருப்பிப்போட ஆசை வரும். செய்யாதீர்கள். முந்தானை வலத்தோளுக்குப் போய்விடும், சட்டைப்பை வலப்பக்கம் வந்துவிடும், வகிடு மாறும். குழுவில் இருப்பவர்கள் கண்ணில் முதலில் படுவது அதுதான். மாறாக, சில போன்களின் முன்பக்க கேமரா படத்தைக் கண்ணாடிபோல் திருப்பியே சேமிக்கும். முந்தானையையும் பையையும் பார்த்து, அப்படி வந்தவற்றை மட்டும் நேராக்குங்கள்.

முடிந்ததும் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். யார் முகம் தனியாக வெளுத்தோ கறுத்தோ தெரிகிறதோ, அவர் லேயரில் மட்டும் வெளிச்சத்தைத் திருத்துங்கள். வெளியிடுமுன் ஆறு பேரிடமும் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். ‘தனித்தனிப் படங்களை இணைத்தது’ என்று அடியில் ஒரு வரி போடுவது நேர்மை.

லேயர்களோடு கூடிய கோப்பையும் அனுப்பிய குறிப்பையும் பத்திரமாக வையுங்கள். அடுத்து சேருகிறவரிடம் அதே குறிப்பைக் கொடுத்து, அவர் தாளை அளந்து, படத்தின் அகலத்தைக் கூட்டி, ஓரத்தில் சேர்த்தால் போதும். மற்ற ஆறு பேரும் மறுபடி ஜன்னலோரம் நிற்க வேண்டியதில்லை.