டெக்ஸ்சரை 'அல்ட்ரா'வில் வைக்க 8 ஜிபி போதுமா?

கேமில் எஃப்பிஎஸ் நல்லாத்தான் காட்டுது, ஆனா கேமராவைத் திருப்பும்போது மட்டும் திக்கித் திக்கி ஓடுதா? தூத்துக்குடிக்கோ நெல்லைக்கோ போய்ப் புது கார்டு விலை விசாரிக்கிறதுக்கு முன்னாடி, ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு 4கே டெக்ஸ்சர்ல எத்தனை புள்ளி? ஒரு புள்ளிக்கு 4 பைட் என்றால்:

```
4096 × 4096 × 4 bytes = 64 MB
```

கேம்கள் இதை அப்படியே வைக்காது. BC7 என்ற முறையில் சுருக்கினால் புள்ளிக்கு 1 பைட்தான், 16 எம்பி ஆகிவிடும். தூரத்தில் தெரியும் பொருளுக்காக அதே படத்தின் சிறிய நகல்களும் (மிப்மேப்) சேரும். அதற்கு மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் சுமார் 21 எம்பி. ஒரு சுவருக்கு நிறம், மேடுபள்ளம், பளபளப்பு என்று மூன்று டெக்ஸ்சர் வேண்டும். ஆக ஒரு சுவருக்கு 64 எம்பி.

இப்போ ஒரு காட்சியில் இப்படி 100 பரப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 6.25 ஜிபி ஆச்சு. மாடல்கள், நிழல்கள், திரைக்கான பஃபர்கள், விண்டோஸ் எல்லாம் சேர்ந்து இன்னும் 2 ஜிபி கேட்டால் 8 ஜிபி கார்டு நிரம்பி வழியும். டெக்ஸ்சரை ஒரு படி இறக்கி 2கே ஆக்கினால்? நீளம், அகலம் இரண்டும் பாதியாவதால் நினைவகம் கால்வாசி ஆகிவிடும். அந்த 6.25 ஜிபி, சுமார் 1.6 ஜிபி ஆகிவிடும்.

வழிந்தது எங்கே போகும்? கம்ப்யூட்டரின் ரேமுக்கு. ஆர்டிஎக்ஸ் 4060 தன் சொந்த நினைவகத்தை நொடிக்கு 272 ஜிபி வேகத்தில் படிக்கும். ரேமில் இருப்பதை எடுக்க பிசிஐஇ வழியாகப் போகணும். அங்கே சுமார் 16 ஜிபிதான். பழைய பிசிஐஇ 3.0 மதர்போர்டு என்றால் அதிலும் பாதி. திக்கல் இங்கேதான் பிறக்கிறது. சில கேம்கள் திக்காமல், மங்கலான டெக்ஸ்சரைக் காட்டிச் சமாளிக்கும். 2023 மார்ச்சில் பிசிக்கு வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1'-இல் 8 ஜிபி கார்டு வைத்திருந்தவர்கள் பட்ட பாடு இதுதான். பிறகு வந்த பேட்ச்கள் நிலைமையைச் சரிசெய்தன.

கண்டுபிடிப்பது எளிது. டாஸ்க் மேனேஜரில் Performance, GPU போய்ப் பாருங்க. Dedicated GPU memory நிரம்பியிருப்பது மட்டும் ஆபத்து இல்லை. இடம் இருந்தால் கேம் தன் வசதிக்கு நிரப்பி வைத்துக்கொள்ளும். அது நிரம்பி, கேம் ஓட ஓட Shared GPU memory-யும் ஏறிக்கொண்டே போய், கூடவே திக்கலும் வந்தால்தான் பற்றாக்குறை.

1080p திரையில் மொத்தமே 20.7 லட்சம் புள்ளிதான். ஒரே ஒரு 4கே டெக்ஸ்சரில் 1.68 கோடி. சுவரில் மூக்கை ஒட்டி நின்றால் ஒழிய அந்த நுணுக்கம் உங்கள் கண்ணுக்கு வராது. அதனால் 1080p-க்கு 8 ஜிபி வைத்து டெக்ஸ்சரை 'ஹை'யில் விடுங்க; பெரும்பாலான கேமுக்கு அது போதும். 1440p-யில் அல்ட்ரா வேணும்னா 12, 4கே திரைக்கு 16 ஜிபி பாருங்க. 4 அல்லது 6 ஜிபி லேப்டாப் வைத்திருப்பவர்கள் முதலில் டெக்ஸ்சரை இறக்குங்க. மற்ற செட்டிங்கை அப்புறம் தொடலாம்.