உயரம் குறைந்தவருக்கு எத்தனை கலோரி?

உயரம் 148 செ.மீ., எடை 55 கிலோ, வயது 35 உள்ள பெண்ணுக்கு, அசையாமல் படுத்திருந்தாலே உடம்பு நாளுக்குச் சுமார் 1,140 கலோரி செலவழிக்கும். வீட்டுவேலையும் சேர்த்தால் 1,450 வரலாம். உயரமான தோழி 1,500 சாப்பிட்டு இளைப்பார். இவருக்கு அதே அளவில் எடை குறையாது. அதற்காக 800க்கு இறங்கிவிடாதீர்கள். தசை கரையும், உடம்பு சோர்ந்து நடமாட்டம் குறையும், செலவும் சுருங்கும். காலையும் மதியமும் பட்டினி கிடந்தவர் இரவில் மிக்சர் டப்பாவைத் திறப்பதும் இப்படி அளவுக்கு மீறிக் குறைப்பதால்தான்.

1,200க்குக் கீழே மருத்துவர் சொல்லாமல் போக வேண்டாம். மாலை வடை இரண்டை விட்டாலே ஏறக்குறைய 250 குறையும். மதியம் பருப்பு, முட்டையைக் குறைக்காதீர்கள். மாதவிலக்கு தள்ளிப்போனாலோ, முடி கொத்தாக உதிர்ந்தாலோ, டயட்டை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.