பொது மண்டபத்தைத் திருத்துவோம்: வேலையைப் பிரித்து எழுதும் முறை

ஊரை விட்டுப் போய்ப் பல வருடங்களின் பின் திரும்பியவர்களும், இன்னும் உறவினர் காணிகளில் இருந்துகொண்டு சனிக்கிழமைகளில் மட்டும் வந்து போகின்றவர்களும் சேர்ந்து தங்கள் கிராமத்து மண்டபத்தைத் திருத்த முற்படுவதைப் பல இடங்களில் காண்கிறோம். கூட்டத்தில் எல்லோரும் "மண்டபத்தைத் திருத்துவோம்" என்று கை உயர்த்துவார்கள். அடுத்த சனிக்கிழமை இருபது பேர் மண்வெட்டியோடு வந்து நிற்பார்கள். அவர்களில் ஆறு பேருக்குத்தான் வேலை இருக்கும். மற்றவர்கள் மரநிழலில் இருந்துவிட்டுப் போவார்கள். அதற்கடுத்த கிழமை பத்துப் பேர்கூட வருவதில்லை.

இது சோம்பலால் வருவதல்ல. "மண்டபத்தைத் திருத்துதல்" என்பது ஒருவர் கையில் எடுத்துச் செய்யக்கூடிய வேலை அல்ல. அதை அப்படிச் செய்யக்கூடிய துண்டுகளாகப் பிரிக்கவேண்டும். பெரிய கட்டங்களில் தொடங்கி, ஒவ்வொன்றையும் பிரித்து, ஒருவரிடம் பொறுப்புக் கொடுக்கக்கூடிய வேலைப் பொதி வரை இறங்கி வருவதை வேலைப் பகுப்பு என்கிறார்கள். இம்முறை அமெரிக்காவில் ஏவுகணைத் திட்டங்களோடு வளர்ந்தது. அந்நாட்டின் பாதுகாப்புத் திணைக்களம் 1968இல் இதை ஒரு தரமாகவே வெளியிட்டது. ஆயுதக்காரர் கண்டுபிடித்த முறை என்பதற்காக நாம் அதை ஒதுக்கவேண்டியதில்லை. ஒரு ஓட்டுக் கூரைக்கும் அது நன்றாகவே உதவுகிறது.

இப்பாடத்துக்காக ஒரு மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். நீளம் 40 அடி, அகலம் 20 அடி. சுவர்கள் நிற்கின்றன. பூச்சு உதிர்ந்திருக்கிறது. கூரையில் பாதி ஓடு போய்விட்டது. யன்னல்கள் இல்லை. மலசலகூடக் குழி தூர்ந்திருக்கிறது. கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குச் சிறிய உதவித்தொகை ஒன்று கிடைத்திருக்கிறது.

முதலில் பழைய கலண்டர் தாள்களைக் கிழித்துத் துண்டுகளாக்கி, மண்டபத்து நிலத்தில் வட்டமாக இருந்துகொள்ளுங்கள். மேசன், தச்சர், மாதர் சங்கத்தார், முன்பள்ளி ஆசிரியை, காவலுக்கு நிற்கப் போகின்றவர் ஆகிய எல்லோரும் அங்கே இருக்கவேண்டும். ஒரு துண்டில் "திருத்தி முடிந்த மண்டபம்" என்று எழுதி மேலே வையுங்கள். அதன் கீழே பெரிய கட்டங்களை வையுங்கள். நமது மண்டபத்துக்கு ஏழு வந்தன: 1. ஆயத்தம், 2. துப்புரவு, 3. கூரை, 4. சுவரும் நிலமும் கதவு யன்னலும், 5. தண்ணீர், மலசலகூடம், மின்சாரம், 6. ஒப்படைப்பு, 7. நிர்வாகம்.

ஏழாவதைப் பலர் எழுதுவதில்லை. கணக்கு எழுதுதல், சீமெந்தைக் காத்தல், சிரமதானத்துக்கு வருவோருக்குச் சமைத்தல் ஆகியவை வேலையாகக் கண்ணில் படுவதில்லை. அரிசியும் விறகும் எங்கிருந்து வரும் என்று மாதர் சங்கத்தார் கேட்கும்போதுதான் அதற்குக் காசு ஒதுக்கவில்லை என்பது தெரியவரும்.

இங்கே நினைவில் வைக்கவேண்டிய விதி ஒன்றுதான். கீழே உள்ள துண்டுகள் எல்லாம் சேர்ந்தால் மேலே உள்ள துண்டு முழுமையாக வரவேண்டும். ஒன்றும் விடுபடக் கூடாது, ஒன்றும் மிஞ்சக் கூடாது. இதை எப்படிச் சோதிப்பது? கீழே உள்ளவை அத்தனையும் முடிந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, "இப்போது மேலே உள்ளது கிடைத்துவிட்டதா?" என்று கேளுங்கள். "இல்லை, இன்னும்..." என்று யாராவது சொன்னால், அந்த "இன்னும்" ஒரு புதிய துண்டு.

முதலாம் கட்டத்தை நீட்டாமல் சொல்லிவிடுகிறேன். அளவெடுத்தல், பிரதேச சபையிடமும் கிராம அலுவலரிடமும் பெறவேண்டிய கடிதங்கள், காணி யாருடையது என்ற உறுதி ஆகியவை அதில் அடங்கும். போர் நடந்த இடமானால், வளவும் இடிபாடும் கண்ணிவெடி, வெடிக்காத குண்டு இல்லாதவை என்ற உறுதியை எழுத்தில் பெறுவது தனி வேலைப் பொதி. அது முடியும்வரை இரண்டாம் கட்டத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. துப்புரவின்போது சந்தேகமான பொருள் கண்ணில் பட்டால் தொடாமல், வந்த வழியே திரும்பிப் பொலிசாருக்கு அறிவிக்கவேண்டும்.

இனிக் கூரைக்கு வருவோம். காசின் பெரும்பகுதி போவதும், பிழை நடந்தால் மழையில் தெரிவதும் கூரையில்தான். தச்சரோடு இருந்து பிரித்தபோது முதலில் இப்படி வந்தது:

3.1 இறக்கிய பழைய கூரை
3.1.1 எண்ணி அடுக்கிய நல்ல ஓடு
3.1.2 நல்லது, உளுத்தது எனப் பிரித்த மரம்
3.2 புதிய மரக்கூடு
3.2.1 சுவர்த்தலையில் பதித்த வளை
3.2.2 நிறுத்திய கைமரமும் முகட்டு வளையும்
3.2.3 அடித்து முடிந்த சிலாகை
3.3 வேய்ந்த ஓடு
3.3.1 வாங்கி இறக்கிய புதிய ஓடு
3.3.2 வேய்ந்த இரு சாய்வுகள்
3.3.3 சாந்தில் பதித்த முகட்டோடு

பெயர்களைக் கவனியுங்கள். "ஓட்டு வேலை செய்தல்" என்று எழுதாமல் "வேய்ந்த சாய்வு" என்று எழுதியிருக்கிறோம். வேலை செய்துகொண்டிருக்கிறோம் என்று யாரும் சொல்லலாம். வேய்ந்த சாய்வை நிமிர்ந்து பார்த்தால் முடிந்ததா இல்லையா என்பது தெரியும்.

இப்போது மேலே சொன்ன சோதனையைச் செய்தோம். "இவை எல்லாம் முடிந்தால் நனையாத கூரை கிடைத்துவிட்டதா?" மேசன் இரண்டு குறை சொன்னார். ஏறி நின்று வேலை செய்யத் தடியும் பலகையும் வேண்டும், அது எங்கும் இல்லை. ஓடு இறக்கியபின் மழை வந்தால் சுவர்த்தலையில் தண்ணீர் இறங்கிப் பழைய சுவர் கரையும், அதை மூடத் தறப்பாள் வேண்டும். இரண்டும் 3.1இன் கீழ் சேர்ந்தன. காவல்காரர் பீலியைக் கேட்டார். அது 3.4 ஆயிற்று.

அடுத்தது ஓட்டுக் கணக்கு. சாய்வின் வழியே அளந்தால், முனை நீட்டத்தோடு ஒரு சாய்வு 14 அடி. கூரையின் நீளம் 42 அடி. ஆகவே ஒரு சாய்வு 588 சதுர அடி. ஓடு கலையாமல் இருந்த மூலையில் 10 அடிக்கு 10 அடி அளந்து எண்ணியபோது 140 ஓடு இருந்தது. (உங்கள் ஓட்டுக்கு இந்த எண் வேறாக இருக்கலாம். எண்ணியே பாருங்கள்.) அப்படியானால் ஒரு சாய்வுக்கு 823 ஓடும் இரண்டுக்கும் 1,646 ஓடும் வேண்டும். இறக்கி எண்ணியதில் நல்ல ஓடு 900. மிச்சம் 746 வாங்கினால் போதும் என்று பொருளாளர் எழுதிவிட்டார்.

தச்சர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு தொழிற்சாலை ஓடு இன்னொரு தொழிற்சாலை ஓட்டோடு பொருந்தும் என்று நம்பமுடியாது. விளிம்பு வாய் சரியாகப் பூட்டாது. கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளியால் காற்றோடு வரும் மழை உள்ளே இறங்கும். எனவே பழைய ஓட்டை ஒரு சாய்விலும் புதியதை மற்றச் சாய்விலும் வேயவேண்டும். அப்போது பழைய ஓட்டில் 823 ஒரு சாய்வுக்குப் போக, 77 கைவசம் நிற்கும். அவை பின்னாளில் உடைவதற்கு மாற்றாக உதவும். புதிய சாய்வுக்கு 823 ஓடும், உடைவுக்கு நூற்றுக்கு ஐந்தாக 41 ஓடும் சேர்த்து 865 அளவில் வாங்கவேண்டும். 746க்கும் 865க்கும் உள்ள வித்தியாசம் வேலையின் நடுவில் தெரியவந்திருந்தால், பாதி திறந்த கூரையோடு இன்னொரு லொறிக் கூலி தேடவேண்டி வந்திருக்கும்.

இதனால் பகுப்பும் மாறியது. ஓடு வேறானால் சிலாகை இடைவெளியும் வேறாகும். அந்த இடைவெளியை மாதிரி ஓட்டை வைத்துப் பார்த்துத்தான் குறிக்கவேண்டும். ஆகவே 3.2.3 பழைய ஓட்டுச் சாய்வின் சிலாகை, 3.2.4 புதிய ஓட்டுச் சாய்வின் சிலாகை என இரண்டாயிற்று. 3.3.2உம் அப்படியே சாய்வுக்கு ஒன்றாகப் பிரிந்தது. முகட்டோட்டுக்கு முன்னால் இருந்த 3.3.1 "வாங்கி இறக்கிய ஓடு" சிலாகை அடிக்குமுன்பே முடிந்திருக்கவேண்டும் என்பதும் வெளிச்சமாயிற்று.

இங்கே ஒரு எச்சரிக்கை. இலக்கங்கள் வேலையின் முறை வரிசை அல்ல. 3.3.1, 3.2.3க்கு முன் வருவதைப் பார்த்தீர்கள். பகுப்பு என்ன வேலை உண்டு என்பதை மட்டும் சொல்லும். எது முன், எது பின் என்பதைப் பொதிகள் எல்லாம் எழுதி முடிந்தபின் துண்டுகளை நிலத்தில் வரிசையாக வைத்துத் தனியாகத் தீர்மானிக்கவேண்டும். நான் பார்த்த ஒரு மண்டபத்தில் ஐந்தாம் கட்டத்து மின் குழாய்களை நான்காம் கட்டத்துப் பூச்சுக்குப் பிறகு பதித்தார்கள். புதுப் பூச்சைக் கொத்திய தடம் இன்னும் சுவரில் இருக்கிறது.

எதுவரை பிரித்துக்கொண்டே போவது? நூல்களில் ஒரு பொதி 8 மணித்தியாலத்துக்குக் குறையாமலும் 80 மணித்தியாலத்துக்கு மேற்படாமலும் இருக்கவேண்டும் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். பத்துப் பேர் ஒரு சனிக்கிழமை எட்டு மணித்தியாலம் வேலை செய்தால் அதுவே 80. ஆகவே நம்மைப்போல் கிழமைக்கு ஒருநாள் பஸ்ஸில் வருவோருக்கு, ஒரு பொதி ஒரு சனிக்கிழமைக்குள் அடங்குவது நல்லது. பாதியில் விட்டுப் போனால் அடுத்த கிழமை வருவது வேறு ஆட்களாக இருக்கலாம். ஆணி வாங்குவதை எல்லாம் ஒரு பொதியாக்கவேண்டாம். அது சிலாகைப் பொதிக்குள் ஒரு வரி.

பொதி ஒவ்வொன்றுக்கும் அரைத்தாளில் ஒரு குறிப்பு வேண்டும். 3.2.3க்கு நாம் எழுதியது இது: "பொறுப்பு தச்சர். உதவிக்கு ஆறு பேர். பழைய ஓடு நான்கை வைத்துப் பார்த்து இடைவெளி குறிக்கவேண்டும். சிலாகைக்குக் கறையான் எண்ணெய் முந்தின கிழமையே பூசிக் காய்ந்திருக்கவேண்டும். முகட்டிலிருந்து இறவாணம்வரை நூல் பிடித்து, மேலும் கீழும் நடுவிலும் ஓடு வைத்துப் பார்த்துப் பொருந்தினால் முடிந்தது." பொறுப்பு என்ற இடத்தில் "சங்கம்" என்று எழுதாதீர்கள். ஒருவரின் பெயர் இருக்கவேண்டும்.

பழைய கட்டடத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. ஓட்டை இறக்கும்வரை கைமரத்தின் தலை உளுத்ததா என்று தெரியாது. அதனால் 3.1.2க்குப் பிறகு 3.1.3 என்று "பார்த்து எடுத்த தீர்மானம்" ஒன்றைச் சேர்த்தோம். மேசனும் தச்சரும் சங்கத்தில் இருவரும் மரத்தைக் கத்தி முனையால் குத்திப் பார்த்து, எத்தனை மாற்றவேண்டும் என்று கூட்டறிக்கையில் எழுதுவார்கள். அதுவரை 3.2இன் மரக்கணக்கு பென்சிலிலேயே இருக்கும். அதற்கென ஒதுக்கிய காசை வேறெதற்கும் எடுக்கக் கூடாது. கூரை திறந்தபின் மழை ஒக்டோபரில் தொடங்கிவிட்டால், காலபோக விதைப்பும் அதோடு வரும். வேலைக்கு ஆள் கிடைக்காது. ஆகவே 3.1.3ஐ ஆவணி முடியுமுன் வைத்தோம்.

ஆறாம் கட்டத்தில் மூன்றே பொதிகள்: இறுதிக் கணக்கைக் கூட்டத்தில் வாசித்தல், திறப்பு யாரிடம் இருக்கும் என்ற தீர்மானம், மின்கட்டணமும் வருடாந்த ஓட்டுப் பரிசோதனையும் யார் பொறுப்பு என்ற எழுத்து. அந்த 77 ஓடும் மண்டபத்தின் பின்சுவரோரம் அடுக்கி, எண்ணிக்கையோடு இதே தாளில் பதியப்படும்.